எத்தனை திமிங்கலம் பிடிக்கலாம்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அண்டார்டிக் கடலில் திமிங்கலம் பிடிக்கும் நாடுகள் கூடி ஒரு வரம்பை ஒப்புக்கொண்டன. ஒரு பருவத்துக்கு 16,000 'நீலத் திமிங்கல அலகு'. ஒரு நீலத் திமிங்கலம் ஓர் அலகு. துடுப்புத் திமிங்கலம் என்றால் இரண்டு சேர்ந்து ஓர் அலகு. கூன்முதுகுத் திமிங்கலம் இரண்டரை, சேய் திமிங்கலம் ஆறு. எந்த இனத்திலிருந்து எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு இது. கடலில் எது எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பருவம் தொடங்கும் நாளில் எல்லாக் கப்பல்களும் ஒரே நேரத்தில் களம் இறங்கும். நாட்டுக்கு இவ்வளவு என்று தனிப் பங்கு அப்போது இல்லை. முந்தியவருக்கே திமிங்கலம். வாராவாரம் ஒவ்வொரு ஆலைக்கப்பலும் தன் கணக்கை நார்வேயின் சாண்டெஃபியூர் நகர அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே கூட்டிப் பார்த்து, 16,000 நெருங்கும்போது பருவம் முடியும் தேதியை அறிவிப்பார்கள். சுமார் பதினைந்து ஆண்டுகள், சிறு குறைப்புகளைத் தவிர, வரம்பு 14,500க்குக் கீழே இறங்கவில்லை. கடலில் திமிங்கலம் குறைந்துகொண்டே வந்தது. தாளில் இருந்த எண் ஏறத்தாழ அப்படியே நின்றது.

உயிரினம் பெருகினாலும் சுருங்கினாலும் ஆண்டுதோறும் ஒரே எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூட இருபடிச் சமன்பாடு தெரிந்தால் போதும், விடையை நாமே கண்டுபிடிக்கலாம். அந்த விடையில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது.

முதலில் வேட்டையே இல்லாத கடலை எடுத்துக்கொள்வோம். 1838இல் பெல்ஜியத்துக் கணித அறிஞர் பியர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு எழுதிய சமன்பாடு இங்கேயும் பயன்படும். கூட்டம் சிறிதாக இருக்கும்போது இரை தாராளம். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பெருகும். கூட்டம் பெருகப் பெருக இரைக்குப் போட்டி, குட்டி ஈனுவதில் தாமதம், சாவு எல்லாம் கூடும், பெருக்கம் மட்டுப்படும். கடலால் தாங்க முடிந்த உச்சத்தை எட்டியதும் பிறப்பும் இறப்பும் சரிசமம் ஆகிவிடும். N என்பது திமிங்கல எண்ணிக்கை, r என்பது நெருக்கடி இல்லாதபோது பெருகும் வேகம், K என்பது கடலின் தாங்குதிறன் என்று வைத்தால், ஓராண்டின் பெருக்கம்:

rN(1 − N/K)

நீலத் திமிங்கலத்துக்கு எண்கள் வேண்டுமே? திமிங்கல வேட்டையின் பொருளாதாரத்தை 1970களில் ஆராய்ந்த கனடாவின் கணித அறிஞர் காலின் கிளார்க், தாங்குதிறன் 1,50,000, வேகம் ஆண்டுக்கு 5 சதவீதம் என்ற தோராய எண்களைக் கையாண்டார். நாமும் அவற்றையே எடுத்துக்கொள்வோம். பிற்கால மதிப்பீடுகள் வேறு. அவை பிறகு வரும்.

கடலில் 30,000 திமிங்கலங்கள் இருந்தால் 5 சதவீதம் 1,500. தாங்குதிறனில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் அதில் ஐந்தில் நான்கு பங்கே கிடைக்கும்: 1,200. இப்போது 1,20,000 இருந்தால்? 5 சதவீதம் 6,000. ஆனால் ஐந்தில் நான்கு பங்கு இடம் நிரம்பிவிட்டது, ஐந்தில் ஒரு பங்கே மிச்சம். ஆகவே அதுவும் 1,200தான். சிறு கூட்டமும் பெருங்கூட்டமும் ஒரே அளவு பெருகுகின்றன. நட்டநடுவில், 75,000இல், பெருக்கம் உச்சம்: 3,750இல் பாதி, அதாவது 1,875. படம் வரைந்தால் கவிழ்த்துவைத்த கிண்ணம் போன்ற வளைவு. பூஜ்யத்தில் தொடங்கி நடுவே உயர்ந்து 1,50,000இல் மீண்டும் பூஜ்யத்தைத் தொடும்.

இனி வேட்டையைச் சேர்ப்போம். ஆண்டுக்கு H திமிங்கலங்களைப் பிடிக்கிறோம். பெருக்கத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும்:

dN/dt = rN(1 − N/K) − H

இடப்பக்கம் பூஜ்யம் ஆகும் இடங்கள்தான் சமநிலைகள்: பிறந்தது அத்தனையும் பிடிபட்டுவிடும், எண்ணிக்கை அசையாது. H = 1,200 என்று வைத்தால் அந்த இடங்கள் எவை என்பதை மேலே பார்த்துவிட்டோம்: 1,20,000, 30,000. கிண்ணத்தின் குறுக்கே 1,200 உயரத்தில் ஒரு கோடு போட்டால் வளைவை இரண்டு இடத்தில் வெட்டுகிறது, அவ்வளவே. ஆனால் இந்த இரண்டு இடங்களும் ஒரே குணம் கொண்டவை அல்ல.

மேல் சமநிலையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். 1,25,000 திமிங்கலங்கள் இருந்தால் பெருக்கம் ஏறத்தாழ 1,042. பிடிப்பது 1,200. பற்றாக்குறை 158. எண்ணிக்கை இறங்கும், 1,20,000ஐ நோக்கி இறங்கும். மாறாக, இரை குறைந்த ஓர் ஆண்டில் கூட்டம் 1,10,000க்கு வந்துவிட்டால் பெருக்கம் 1,467, பிடித்தது போக 267 மிச்சம், எண்ணிக்கை ஏறும். எந்தப் பக்கம் தள்ளினாலும் திரும்பி வருகிறது. இது நிலையான சமநிலை.

கீழ்ச் சமநிலைக்கு வருவோம். 25,000 திமிங்கலங்கள் இருக்கின்றன. பெருக்கம் மறுபடி அதே 1,042. பற்றாக்குறை மறுபடி அதே 158. ஆனால் இங்கே எண்ணிக்கை 30,000த்தை விட்டு விலகிப் போகிறது. அடுத்த ஆண்டு கூட்டம் இன்னும் சிறிது, ஆகவே பெருக்கம் இன்னும் குறைவு, பற்றாக்குறை இன்னும் அதிகம். நிற்பதற்கு இடமே இல்லை. பூஜ்யம் வரைக்கும் சரிவுதான். மேலே கூட்டத்தைக் காப்பாற்றிய அதே 158, கீழே அதை அழிக்கிறது.

ஆக 30,000 என்பது ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேலே எங்கிருந்து தொடங்கினாலும் ஆண்டுக்கு 1,200 பிடித்துக்கொண்டே இருக்கலாம், கூட்டம் 1,20,000க்குப் போய்ச் சேரும். அதற்குக் கீழே, அதே 1,200 அழிவு. 'ஆண்டுக்கு 1,200 பிடிக்கலாமா?' என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. இப்போது எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால்தான் விடை.

வரம்பை உயர்த்தினால் இந்த இரண்டு சமநிலைகளும் ஒன்றையொன்று நெருங்கும். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் கிடைப்பது:

N = (K/2) · (1 ± √(1 − 4H/(rK)))

H = 1,800 என்றால் மேல் சமநிலை 90,000, கீழ்ச் சமநிலை 60,000. வர்க்கமூலத்துக்குள் இருப்பது எதிர்மறையாகாத வரைக்கும்தான் சமநிலை உண்டு. அதற்கு H, rK/4ஐத் தாண்டக் கூடாது. நம் எண்களில் அது 1,875, கிண்ணத்தின் உச்சி. அங்கே இரண்டு சமநிலைகளும் 75,000இல் ஒன்றாகிவிடுகின்றன. மீன்வளத் துறையில் இதற்கு 'உச்ச நீடித்த விளைச்சல்' என்று பெயர். 1954இல் அமெரிக்க மீன்வள அறிவியலாளர் மில்னர் ஷேஃபர் இந்த வளைவை மீன்பிடிக்குப் பொருத்திக் காட்டிய பிறகு, உலகமெங்கும் மீன்வள மேலாண்மையின் இலக்கே அதுவாகிவிட்டது. 1982இல் ஏற்கப்பட்ட ஐ.நா. கடல் சட்டத்திலும் அது இடம்பெற்றது.

பொறி இங்கேதான் இருக்கிறது. சரியாக 1,875 பிடித்தால் 75,000 என்பது பாதிச் சமநிலை. மேலிருந்து இறங்கி வந்தால் அங்கே நிற்கும். ஆனால் ஒரே ஒரு மோசமான ஆண்டு, அல்லது எண்ணிக்கை மதிப்பீட்டில் ஒரு சிறு பிசகு, கூட்டத்தை 74,000க்குக் கொண்டுவந்தால் திரும்பும் வழி கிடையாது. உச்சத்தை எடுப்பது என்பது விழுந்தால் தாங்கும் பாதுகாப்பு அத்தனையையும் விட்டுக்கொடுப்பது. 'நீடித்த' என்ற அடைமொழி எந்த எண்ணோடு ஒட்டியிருக்கிறதோ அந்த எண்தான் மிகக் குறைவாக நீடிக்கக்கூடியது.

இதில் ஆறுதலான ஒரு பக்கமும் உண்டு; அது அதிகம் பேசப்படுவதில்லை. மேல் சமநிலைக்கும் கீழ்ச் சமநிலைக்கும் உள்ள இடைவெளியே நம் பாதுகாப்பு மெத்தை. 1,875இல் அது பூஜ்யம். வரம்பை 1,800 ஆக்கினால், அதாவது வெறும் 75 திமிங்கலங்களை விட்டுக்கொடுத்தால், இடைவெளி 30,000. பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் ஏறத்தாழ 47,000. 1,200க்கு வந்தால் 90,000. வர்க்கமூலத்தின் வேலை இது: உச்சிக்கு அருகே மிகச் சிறிய தியாகம் மிகப் பெரிய பாதுகாப்பை வாங்கித் தருகிறது. உச்சியில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சில திமிங்கலங்களுக்காகத்தான் முழுக் கூட்டத்தையும் பணயம் வைக்கிறோம்.

1,875ஐத் தாண்டினால்? 2,000 என்று வைப்போம். கோடு கிண்ணத்துக்கு மேலே போய்விட்டது, சமநிலையே கிடையாது. முடிவு பூஜ்யம்தான். ஆனால் எப்படி முடிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு வரும். வேட்டை படாத 1,50,000இல் தொடங்கி 90,000க்கு இறங்க 102 ஆண்டுகள். அங்கிருந்து 60,000க்கு இறங்க 204 ஆண்டுகள். கடைசி 60,000மும் தீர 102 ஆண்டுகள். அந்த நடுப் பகுதியில் ஆண்டுப் பற்றாக்குறை சில நூறுதான். ஒரு கட்டத்தில் வெறும் 125. எழுபதாயிரத்துச் சொச்சத்தில் நூற்றிருபத்தைந்து குறைந்ததை எந்தக் கணக்கெடுப்பாலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு தலைமுறை அதிகாரிகள் 'நிலைமை சீராக உள்ளது' என்று மனசாட்சியோடு அறிக்கை எழுதி ஓய்வுபெறலாம். கடைசி 30,000 இருபத்து நான்கே ஆண்டுகளில் மறையும்போதுதான் கூச்சல் எழும். அப்போது பழைய பாதுகாப்பான வரம்பான 1,200க்குத் திரும்பினாலும் பயனில்லை. கூட்டம் எல்லைக்கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

நடந்தது இதைவிட அவசரம். 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிக் கடலில் 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. நம் மாதிரியின் உச்சத்தைப் போலப் பதினைந்து மடங்கு. எண்கள் தோராயம் என்று வாதிடலாம். 2004இல் வெளியான ஆய்வு, வேட்டைக்கு முன் அங்கே சுமார் 2,39,000 நீலத் திமிங்கலங்கள் இருந்தன என்றும் இப்போது ஆண்டுக்கு 7.3 சதவீதம் பெருகுகின்றன என்றும் மதிப்பிட்டது. அவற்றை வைத்துப் போட்டாலும் உச்சம் 4,400ஐத் தொடாது. எந்தக் கணக்கிலும் தேறாத வேட்டை அது.

போருக்குப் பின் வந்த 'அலகு' முறை நீலத் திமிங்கலத்துக்கு இன்னொரு வகையிலும் எமனாக அமைந்தது. ஓர் அலகைச் சேர்க்க இரண்டு துடுப்புத் திமிங்கலங்களைத் துரத்த வேண்டும். நீலம் கண்ணில் பட்டால் ஒன்றே போதும். ஆகவே கப்பல்களின் அன்றாடப் பிழைப்பு துடுப்புத் திமிங்கலத்தால் ஓடியது. எதிரே வந்த நீலம் எதுவும் தப்பவில்லை. நீலம் மட்டுமே இரை என்றிருந்தால், அரிதானதும் தேடும் செலவு கட்டுப்படியாகாமல் வேட்டை தானே நின்றிருக்கும். அந்தத் தடையையும் இந்த முறை எடுத்துவிட்டது.

1960இல் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம், வேட்டை நாடுகளைச் சேராத மூன்று பேரிடம் கணக்கை ஒப்படைத்தது: அமெரிக்காவின் டக்ளஸ் சாப்மன், நியூசிலாந்தின் கே.ஆர். ஆலன், உலக உணவு வேளாண் அமைப்பில் பணியாற்றிய பிரிட்டானியர் சிட்னி ஹோல்ட். பின்னர் ஜான் கல்லண்டும் சேர்ந்தார். ஒரு கப்பல் ஒரு நாளில் எத்தனை பிடிக்கிறது என்பதை அவர்கள் ஆண்டுவாரியாகப் பார்த்தார்கள். துடுப்புத் திமிங்கலத்தின் காதுக்குள் மெழுகு அடைப்பு ஒன்று இருக்கும். அதை அறுத்தால் மர வளையம் போல வெளிர் அடுக்கும் கரிய அடுக்கும் மாறி மாறித் தெரியும். அந்த அடுக்குகளை எண்ணி வயது கண்டார்கள். பிடிபட்டவற்றில் எந்த வயதில் எத்தனை என்று தெரிந்தால் ஆண்டுக்கு எத்தனை சாகின்றன என்பதைக் கணிக்கலாம். மொத்தப் பிடிப்பு நன்றாக இருப்பது ஒரு சான்றே அல்ல, கப்பல்கள் கூடுதலாக உழைத்து அதை எட்டியிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் உழைப்புக்குக் கிடைப்பது குறைகிறதா என்பதுதான் கேள்வி. அதிலும் கப்பல்கள் ஆண்டுக்காண்டு வேகமும் வலுவும் கூடியவை ஆகிக்கொண்டிருந்ததால், அந்த ஏற்றத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

1963இல் அவர்கள் சொன்ன முடிவு கசப்பானது. நீலத்தையும் கூன்முதுகையும் அறவே தொடக் கூடாது. துடுப்புத் திமிங்கல வேட்டையைப் பெருமளவு வெட்ட வேண்டும். அந்த ஆண்டு ஆணையம் வரம்பை 10,000 அலகாகத்தான் குறைத்தது. அத்தனை வரம்பு இருந்தாலும் கடலில் அவ்வளவு இல்லை, வரும் பருவத்தில் கிடைக்கப்போவது சுமார் 14,000 துடுப்புத் திமிங்கலங்கள்தான் என்று அறிவியலாளர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். பருவ முடிவில் பிடிபட்ட எண்ணிக்கை 14,000க்கு மிக அருகில் வந்து நின்றது. 10,000 அலகு நிரம்பவே இல்லை. அதன் பிறகுதான் எண்களை ஆணையம் மதிக்கத் தொடங்கியது. 1966இல் நீலத் திமிங்கலத்துக்கு முழுப் பாதுகாப்பு வந்தது. 1972இல் 'அலகு' கணக்கே ஒழிந்தது.

பேராசையும் அறியாமையும் மட்டும்தான் காரணமா? காலின் கிளார்க்கின் வாதம் இதைவிடச் சங்கடமானது. கடல் முழுவதும் ஒரே ஒரு முதலாளிக்குச் சொந்தம், போட்டியே இல்லை என்று வையுங்கள். அவருடைய திமிங்கல முதல் ஆண்டுக்கு 5 சதவீதம்தான் வளர்கிறது. வங்கி 10 சதவீதம் தருகிறது. எல்லாத் திமிங்கலங்களையும் இன்றே கொன்று விற்றுப் பணத்தை வங்கியில் போடுவதுதான் அவருக்கு லாபம், வேட்டைச் செலவு குறுக்கே வராத வரைக்கும். மெதுவாக வளரும் உயிரினம் எதற்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆகவே 'நீடித்த விளைச்சல்' உரிமையாளரின் சுயநலத்திலிருந்து தானாக வராது. யாராவது விதித்தால்தான் உண்டு.

விதிப்பதற்கு மாற்று வழி ஒன்றும் இருக்கிறது: எண்ணிக்கைக்குப் பதிலாக விகிதத்தை நிர்ணயிப்பது. ஆண்டுதோறும் இருப்பதில் இரண்டரை சதவீதம் மட்டும் பிடிப்போம் என்றால், கூட்டம் அதே 75,000இல் வந்து நிற்கும், கிடைப்பதும் அதே 1,875. வேறுபாடு எங்கே என்றால், ஏதோ காரணத்தால் கூட்டம் 50,000க்கு விழுந்தால் பிடிப்பு தானாகவே 1,250க்கு இறங்கும். பெருக்கமோ 1,667. ஆகவே கூட்டம் மீண்டு எழும். கீழ்ச் சமநிலை, எல்லைக்கோடு எதுவும் இங்கே கிடையாது. நம் ஊர்க் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இத்தனை டன் என்று சொல்லாமல் உழைக்கும் நாள்களைக் குறைக்கிறது. ஆனால் படகுகளும் இன்ஜின் திறனும் பெருகினால் மிச்ச நாள்களில் அதே விகிதம் நிற்காது என்பது இதன் பலவீனம்.

வெர்ஹுல்ஸ்டின் வளைவு உண்மையான திமிங்கலத்துக்கு எவ்வளவு பொருந்தும்? கறாராகப் பொருந்தாது. குட்டி வளர்ந்து இனப்பெருக்கம் செய்யப் பல ஆண்டுகள் ஆகும். சமன்பாடோ பிறந்த அன்றே எல்லாக் குட்டியையும் தாயாக எண்ணிக்கொள்கிறது. பெருக்கத்தின் உச்சி சரியாகப் பாதியில் வருவதும் சமன்பாட்டின் வசதிக்காகத்தான். 1970களின் நடுவில் ஆணையம் கொண்டுவந்த புதிய விதிமுறையில் உச்சி தாங்குதிறனின் 60 சதவீதத்தில் வருவதாக வைத்துக்கொண்டார்கள். கூட்டம் 54 சதவீதத்துக்குக் கீழே போனால் வேட்டை கூடாது. மேலே இருந்தாலும் உச்ச விளைச்சலில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அந்தப் பத்து சதவீதம் ஏன் என்று இப்போது நமக்குப் புரியும்: 47,000 திமிங்கல மெத்தை.

விதி நல்லது; போட வேண்டிய எண்கள்தான் கிடைக்கவில்லை. r எவ்வளவு, K எவ்வளவு என்பதில் அறிவியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. H ஆவது பிடித்தவர்களுக்குத் தெரியும் அல்லவா என்று நினைப்போம். அதுவும் பொய். சோவியத் கப்பல்கள் தென்கடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கலங்களைக் கணக்கில் காட்டாமல் கொன்றதை 1993இல் ரஷ்ய அறிவியலாளர் அலெக்ஸி யாப்லகோவ் வெளியிட்டார். சமன்பாட்டில் மூன்று எழுத்துகள், மூன்றுமே சந்தேகத்துக்குரியவை. இந்த நிலையில் உச்சியைக் குறிவைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பாறை விளிம்பில் நடப்பதுதான். 1982இல் ஆணையம் வணிக வேட்டைக்கே தடை விதிக்க முடிவு செய்ததற்கு இந்த நிச்சயமின்மையும் ஒரு காரணம். தடை 1985-86 பருவத்திலிருந்து நடப்புக்கு வந்தது.

H பூஜ்யமானால் கீழ்ச் சமநிலையும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது; எல்லைக்கோடு மறைந்து, எவ்வளவு சிறிய கூட்டமும் ஏறலாம் என்கிறது சமன்பாடு. அதே 2004 ஆய்வின்படி அண்டார்டிக் நீலத் திமிங்கலங்கள் 1973இல் சுமார் 360ஆகக் குறைந்து, 1996இல் சுமார் 1,700ஐ எட்டின. வேட்டைக்கு முன் இருந்ததில் அது ஒரு சதவீதம்கூட இல்லை.